ஓடுற டிரக்டர்ல எழுத்து ஒட்டி நிக்கணும்: பொயிண்ட் டிராக்கிங் முழு வழிகாட்டி

காலபோக அறுவடை தொடங்கினா கிளிநொச்சிப் பக்கம் வீடியோ வேலை செய்யிற ஆக்களுக்கு ஒரே மாதிரி ஓடர்தான் வரும், கமக்காரர் அமைப்புக்கு ஒரு குட்டி வீடியோ, வயல், மெசின், நெல்லு மூட்டை, டிரக்டர் போறது, அதுக்கு மேல "மொட்டைக்கறுப்பன், காலபோகம்" எண்டு ஒரு லேபிள் டிரக்டரோடயே போகணும். கேக்கிற ஆளுக்கு அது சின்ன விசயம். ஆனா கனபேர் போடுற லேபிளைப் பாத்தா டிரக்டர் ஒரு பக்கம் குலுங்க லேபிள் தன்ர பாட்டுக்கு மிதந்துகொண்டு போகும், இல்லாட்டி நடுவில டிரக்டரை விட்டிட்டுப் பனை மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிடும்.

லேபிள் ஒட்டி நிக்க, படத்தில ஒரு இடத்தைப் பிடிச்சு அது பிரேமுக்குப் பிரேம் எங்க போகுதெண்டு சொஃப்ட்வெயரைப் பாக்க வைக்கிறதுதான் பொயிண்ட் டிராக்கிங். அதை ஒரே ஒரு ஷொட்டை எடுத்து முதல்ல இருந்து கடைசி வரைக்கும் செய்வம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்லதான் சொல்லுறன், எங்கட பக்கம் எடிட் பண்ணுற ஆக்களிட்ட அதுதான் கூட இருக்கு. மற்ற சொஃப்ட்வெயர்கள்ல பட்டன் பேர்தான் மாறும், யோசனை இதேதான்.

ஷொட் இதுதான். இரணைமடுப் பக்கத்து வாய்க்கால் ரோட்டு, போனைக் கையில பிடிச்சபடி எடுத்தது, 1920 x 1080, 30 பிரேம். டிரக்டர் பின்னால பெட்டியைக் கொழுவிக்கொண்டு இடப்பக்கத்தில இருந்து வலப்பக்கம் போகுது, பெட்டி நிறைய நெல்லு மூட்டை. ஒரு இடம் இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குப் போக 10 செக்கன் எடுக்குது. நடுவில கமராவுக்கு முன்னால ஒரு பனை நிக்குது. ரோட்டு கிரவல், அதால பெட்டி குலுங்கும், பின்னால புழுதி கிளம்பும்.

டிராக் பண்ண முதல்

போன் வீடியோ எண்டா கனக்க நேரம் பிரேம் ரேட் ஒரே அளவா இருக்காது. 30 எண்டு காட்டும், உள்ளுக்க 29 கொஞ்சம், 30 கொஞ்சம் எண்டு மாறி மாறி ஓடும். அதை அப்பிடியே போட்டா சில பிரேம் ரெண்டு தரம் வரும், சிலது விடுபடும், டிராக்கர் அந்த இடத்தில ஒரு பிரேம் நிண்டு அடுத்த பிரேம்ல துள்ளும், நீங்கள் டிராக்கிங் பிழை எண்டு நினைச்சு மணித்தியாலக் கணக்கா மினக்கெடுவீங்கள். முதல்ல ஒரே ரேட்டுக்கு மாத்துங்கோ:

```
ffmpeg -i petti_raw.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 16 -c:a copy petti.mp4
```

பேந்து அந்த கிளிப்பைப் பிடிச்சு புது கொம்ப் ஐகொனுக்கு மேல இழுத்து விடுங்கோ, கொம்ப்பும் அதே 30ல வரும். கிளிப் 30, கொம்ப் 25 எண்டு இருந்தாலும் மேல சொன்ன அதே துள்ளல்தான்.

Warp Stabilizer போடுற எண்ணம் இருந்தா இப்பவே போட்டு, அதை ப்ரீகொம்ப் பண்ணி, அந்த ப்ரீகொம்பை டிராக் பண்ணுங்கோ. டிராக் முடிஞ்ச பிறகு ஸ்டெபிலைஸ் பண்ணினா படம் நகந்திடும், உங்கட டேட்டா பழைய இடத்திலயே நிக்கும்.

எந்த இடத்தைப் பிடிக்கிறது

பாதி வேலை இதிலதான் இருக்கு, இதில பிழைச்சா பிறகு எந்த செட்டிங்கும் உதவாது.

டிராக்கருக்கு டிரக்டர் எண்டா என்னெண்டு தெரியாது. நீங்கள் ஒரு சின்னப் பெட்டிக்குள்ள காட்டுற பிக்சல் கோலத்தை ஞாபகம் வச்சு, அடுத்த பிரேம்ல அதே கோலம் எங்க இருக்கு எண்டு கிட்டடியில தேடும், அவ்வளவுதான். அதால கோலம் மேல கீழயும் தனிச்சுத் தெரியணும், இடம் வலமும் தனிச்சுத் தெரியணும். பெட்டியின்ர மேல் விளிம்பு நல்ல நேர்க் கோடு, வானத்துக்கு எதிரா பளிச்செண்டு தெரியுது, ஆனா அதைப் பிடிச்சா டிராக்கர் கோடு வழியா வழுக்கிக்கொண்டு போகும், ஏனெண்டா கோட்டில எந்த இடமும் ஒரே மாதிரித்தான். மூலைதான் வேணும்.

சக்கரம் சுத்தும், அது வேண்டாம். ஹெட்லைட் வெயில்ல மினுங்கி மினுங்கி மாறும், அதுவும் வேண்டாம். மூட்டைகளைப் பாத்தா சாக்கு நெசவு நல்ல டீட்டெய்லா இருக்கிற மாதிரித் தெரியும், ஆனா எல்லா மூட்டையும் ஒரே மாதிரி, பக்கத்து மூட்டைக்குத் தாவிடும்.

எங்கட ஷொட்ல நீலப் பெட்டியின்ர பக்கப் பலகையில பின் மூலைக்குக் கிட்ட வெள்ளைப் பெயிண்டால இலக்கம் எழுதிக் கிடக்கு. அந்த எழுத்தின்ர ஒரு மூலை நல்ல இடம், நீலமும் வெள்ளையும் சந்திக்குது, ரெண்டு திசையிலயும் வெட்டுத் தெரியுது. அதே பலகையில முன் மூலையில ஒரு பிணைச்சல் தகடு இருக்கு, அதையும் பாத்து வச்சுக்கொள்ளுங்கோ, பனை வரேக்க அது தேவைப்படும்.

ஒரு கட்டாயம்: பிடிக்கிற இடம் எல்லாம் பெட்டியிலேயே இருக்கணும். டிரக்டரும் பெட்டியும் ஒரு கொழுக்கியாலதான் சேந்திருக்கு, பள்ளத்தில டிரக்டர் விழுந்து எழும்பின பிறகுதான் பெட்டி விழும். டிரக்டர் மட்காட்டைப் பிடிச்சு லேபிளைப் பெட்டிக்கு மேல வச்சா ரெண்டும் ஒத்துப் போகாது.

டிராக்கரைத் திறக்கிறது

Window மெனுவில Tracker பேனலைத் திறவுங்கோ. டைம்லைன்ல கிளிப்பை செலக்ட் பண்ணி Track Motion அமத்தினா லேயர் விண்டோ திறக்கும், நடுவில Track Point 1 எண்டு ஒண்டு வரும். அதில மூண்டு சாமான் இருக்கு. உள் பெட்டி, அதுதான் ஞாபகம் வச்சுக்கொள்ளுற கோலம். வெளிப் பெட்டி, அடுத்த பிரேம்ல தேடுற எல்லை. பிறகு ஒரு சின்னக் குரிசு, அதுதான் attach point, கிராஃபிக் ஒட்டப்போற இடம். குரிசு உள் பெட்டிக்குள்ளதான் இருக்கணும் எண்டு இல்லை, லேபிள் கோடு டிரக்டர் பெட்டியின்ர நடு மேல் விளிம்பில தொடங்கணும் எண்டா குரிசை மட்டும் பிடிச்சு அங்க வைக்கலாம், டிராக்கர் எழுத்து மூலையைப் பாக்கும், குரிசு அந்தத் தூரத்தைக் காத்துக்கொண்டு கூடப் போகும்.

Track Type ல Transform, கீழ Position மட்டும் டிக். டிரக்டர் பக்கவாட்டாப் போறதால பெருக்கிறது சிறுக்கிறது இல்லை, அதால Scale, Rotation தேவையில்லை. டிரக்டர் உங்களை நோக்கி வாற ஷொட் எண்டா அந்த ரெண்டையும் டிக் பண்ணினா ரெண்டாவது பொயிண்ட் வரும், ரெண்டுக்கும் இடையில உள்ள தூரம் மாறுறதை வச்சு சைஸைக் கணக்குப் போடும். ரெண்டு பொயிண்டையும் ஏலுமானளவு தள்ளித் தள்ளி வையுங்கோ, கிட்டக் கிட்ட வச்சா ஒரு பிக்சல் ஆட்டமும் பெரிய சுழற்சியாக் காட்டும்.

பெட்டிகளின்ர சைஸ்: உள் பெட்டி 40 பிக்சல் அளவு, மூலையும் சுத்தி கொஞ்சம் பலகையும் வாற மாதிரி. பின்னால தெரியிற வயல் உள்ளுக்க வரக்கூடாது, வந்தா வயல் மாற மாற கோலமும் மாறும். வெளிப் பெட்டிக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கு. 1920 பிக்சலை 10 செக்கன்ல, எண்டா 300 பிரேம்ல கடக்குது, ஒரு பிரேமுக்கு 6.4 பிக்சல். அதோட கை நடுக்கம், கிரவல் குலுக்கல் ஒரு 10 பிக்சல் எண்டு வையுங்கோவன். அப்ப உள் பெட்டிக்கு வெளியால நாலு பக்கமும் 20, 25 பிக்சல் இடம் விட்டாக் காணும். பாதுகாப்பா இருக்கட்டும் எண்டு பெருசா இழுத்து விட்டா ஸ்லோ ஆகுறதும் இல்லாம, அதே மாதிரி இன்னொரு வெள்ளை எழுத்து உள்ளுக்க வந்து அதுக்குப் போயிடும்.

Options ல மூண்டு விசயம்

Channel: எங்கட ஷொட்ல வெள்ளை நீல வித்தியாசம் வெளிச்சத்திலயே தெரியிறதால Luminance போதும். புழுதி மூடி வெளிச்ச வித்தியாசம் குறைஞ்சு, ஆனா நிறம் இன்னும் தெரிஞ்சா Saturation அல்லது RGB போட்டுப் பாருங்கோ.

Process Before Match ல Blur, 2 பிக்சல். போன் வீடியோவில கம்ப்ரஷன் கட்டை கட்டையா மினுக்கும், டிராக்கர் அந்த மினுக்கத்தையும் கோலம் எண்டு நினைக்கும். இது டிராக்கர் பாக்கிறதுக்கு மட்டும்தான், உங்கட படம் மங்காது. Subpixel Positioning டிக் இருக்கட்டும், ஒரு பிரேமுக்கு 6.4 பிக்சல் போறதை 6, 7 எண்டு முழுசா எடுத்தா நடுங்கும்.

மூண்டாவதுதான் கூட யோசிக்க வேண்டியது. Adapt Feature On Every Frame எண்டு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டா ஒவ்வொரு பிரேமிலயும் கோலத்தைப் புதுசா ஞாபகம் வச்சுக்கொள்ளும். கேக்க நல்லா இருக்கும், ஆனா ஒவ்வொரு தரமும் வாற அரைக்கால் பிக்சல் பிழையும் சேத்துத்தான் ஞாபகம் வைக்கும், 300 பிரேம் போகேக்க மெதுமெதுவா மூலையை விட்டு வழுக்கியிருக்கும். அதை எடுத்து விட்டிட்டு, கீழ confidence 80%க்குக் குறைஞ்சா என்ன செய்யிறது எண்ட இடத்தில Stop Tracking போடுங்கோ. பிரச்சினை வாற இடத்தில அதுவே நிக்கும், நீங்கள் போய்ப் பாக்கலாம். பெருக்கிற ஷொட், திரும்புற ஷொட் எண்டா மட்டும் அந்த இடத்தில Adapt Feature போடலாம், அங்க கோலம் உண்மையாவே மாறுது.

ஓட்டுறது, பனையைக் கடக்கிறது

எழுத்து மூலை உள்ளுக்க வந்து தெளிவாத் தெரியிற ஒரு பிரேமுக்குப் போங்கோ, அது முதல் பிரேமா இருக்கத் தேவையில்லை. அங்க உள் பெட்டியை மூலையில வச்சு முன்னுக்கு Analyze அமத்துங்கோ, முடிஞ்சா திரும்ப அதே பிரேமுக்கு வந்து பின்னுக்கும் ஓட்டலாம்.

இப்ப பனை. மரம் திரையில 80 பிக்சல் அகலம், உள் பெட்டி 40, மொத்தம் 120 பிக்சல் தூரத்துக்கு மூலை முழுசாத் தெரியாது. 6.4 ஆல பிரிச்சா கிட்டத்தட்ட 19 பிரேம். கனபேர் அந்த 19 பிரேம் கீயையும் அழிச்சு விட்டிட்டு மரத்துக்கு அங்கால திரும்பப் பிடிப்பினம், நடுவில ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தானே நேர்க்கோடு போடும். ட்ரைபோட் ஷொட்டில, நல்ல தார் ரோட்டில அது சரிவரும். கையில எடுத்த ஷொட்டில அரைச் செக்கனுக்கு மேல பெட்டி குலுங்க லேபிள் மட்டும் தண்டவாளத்தில போற மாதிரிப் போகும், பாக்கிற ஆளுக்கு ஏன் எண்டு சொல்லத் தெரியாட்டியும் கண்ணுக்குப் பிடிக்காது.

அதுக்குத்தான் முன் மூலைத் தகடு. பின் மூலை மரத்துக்குப் பின்னால போற நேரம் முன் மூலை மரத்தைத் தாண்டி வலப்பக்கம் வந்திட்டுது. மரம் உள் பெட்டியைத் தொட முதல் ஒரு பிரேம்ல நிப்பாட்டுங்கோ. Alt ஐ அமத்திக்கொண்டு உள் பெட்டிக்குள்ள பிடிச்சு இழுத்து முன் மூலைத் தகட்டில வையுங்கோ. Alt அமத்தினா பெட்டிகள் ரெண்டும் மட்டும்தான் நகரும், குரிசு இருந்த இடத்திலயே நிக்கும், இதில்தான் விசயமே இருக்கு. இனி முன்னுக்கு ஓட்டினா தகட்டைப் பாத்து குரிசு நகரும், மரம் வந்தாலும் கவலையில்லை. அந்தப் பிரேமுக்கு முந்தின கீ எல்லாம் பழைய மூலையிலதான் இருக்கும், அதொண்டும் குழம்பாது.

பின் மூலை மரத்துக்கு அங்கால முழுசா வந்த உடனே நிப்பாட்டி, திரும்ப Alt ஓட இழுத்து எழுத்து மூலைக்கே கொண்டு வாங்கோ. முன் மூலையிலயே கடைசி மட்டும் ஓடினா அது பிரேமை விட்டு முதல்ல வெளியால போயிடும், பின் மூலைதான் கடைசி வரைக்கும் நிக்கும்.

இந்த மாத்துறது பக்கவாட்டு ஷொட்டுக்குத்தான். டிரக்டர் வளைவில திரும்பினா ரெண்டு மூலைக்கும் இடையில உள்ள தூரம் திரையில மாறும், குரிசு விலகிடும்.

பிழை எங்க எண்டு பிடிக்கிறது

பிளே பண்ணிப் பாத்து "சரி போலதான் கிடக்கு" எண்டு விடாதேங்கோ. லேயர் விண்டோவை 400% பெருப்பிச்சு, குரிசு இருக்கிற இடத்தில பெட்டியில ஒரு கறலையோ ஆணியையோ பாத்து வச்சு, முதல் பிரேம், நடுப் பிரேம், கடைசிப் பிரேம் எண்டு தாவித் தாவிப் பாருங்கோ. கறல்ல இருந்து குரிசு மெதுவா விலகிக்கொண்டே போகுதெண்டா அது வழுக்கல், கோலம் தேர்வு செய்தது பிழை அல்லது adapt போட்டிருக்கிறீங்கள். முதலும் கடைசியும் சரியா இருந்து நடுவில பிரேமுக்குப் பிரேம் நடுங்கினா அது நடுக்கம், உள் பெட்டியைக் கொஞ்சம் பெருப்பியுங்கோ, Blur ஐக் கூட்டுங்கோ.

லேயருக்குக் கீழ Motion Trackers ஐ விரிச்சா Confidence எண்டு ஒரு வரி இருக்கு, கிராஃப்ல பாத்தா எங்க விழுந்திருக்கெண்டு தெரியும், புழுதி வாற இடம் பள்ளமாக் காட்டும். ஆனா adapt போட்டிருந்தா அந்தக் கிராஃபை நம்பாதேங்கோ, அது முந்தின பிரேமோடதான் ஒப்பிடுது, வழுக்கினாலும் நல்ல மார்க்ஸ்தான் போடும்.

Smoother பேனல் எண்டு ஒண்டு இருக்கு, நடுக்கத்தை அது எடுத்திடும் எண்டு சொல்லுவினம். எடுக்கும், கிரவல் குலுக்கலையும் சேத்து எடுக்கும். குலுக்கல் போனா லேபிள் மிதக்கத் தொடங்கும். என்ர அபிப்பிராயம், கையில எடுத்த ஷொட்டுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

ஒட்டுறது

Layer > New > Null Object. இது படத்தில தெரியாத வெறும் லேயர், நல் எண்டு சொல்லுவம். Tracker பேனல்ல Edit Target அமத்தி அந்த நல்லைத் தெரிவு செய்யுங்கோ, Apply, X and Y. நல்லுக்கு ஒவ்வொரு பிரேமிலயும் Position கீ விழும். லேபிளுக்கு நேரா அப்ளை பண்ணாதேங்கோ, பிறகு லேபிளைக் கொஞ்சம் மேல தூக்கணும் எண்டா 300 கீயையும் செலக்ட் பண்ணி அரக்க வேண்டி வரும். நல் நடுவில நிண்டா லேபிள் சுதந்திரமா இருக்கும்.

கிளிப் 4கே, கொம்ப் 1080 எண்டு கிளிப்பைச் சின்னனாக்கிப் போட்டிருந்தா டிராக்கர் டேட்டா கிளிப்பின்ர சொந்த அளவிலதான் இருக்கும். அப்பிடியான நேரத்தில நல்லின்ர Position ல இந்த எக்ஸ்பிரஷனைப் போட்டா அதுவே கொம்ப் அளவுக்கு மாத்தித் தரும், Apply தேவையில்லை:

```
L = thisComp.layer("petti.mp4");
L.toComp(L.motionTracker("Tracker 1")("Track Point 1").attachPoint)
```

லேபிளைத் தனி கொம்ப்ல செய்யுங்கோ. புள்ளி ஒண்டு முளைக்கும், அதில இருந்து கோடு மேல ஓடும், அதுக்கு Trim Paths, கோடு முடிய லேபிள் பெட்டி திறந்து எழுத்து வரும். இந்த அனிமேஷன் எல்லாம் அந்தக் கொம்ப்புக்குள்ளேயே இருக்கட்டும். பிறகு மெயின் கொம்ப்ல கொண்டு வந்து போட்டு, கோட்டின்ர அடிப் புள்ளிக்கு Anchor Point ஐ நகர்த்தி, Shift ஐ அமத்திக்கொண்டு pick whip ஆல நல்லுக்கு பேரன்ட் பண்ணினா லேபிள் தானே நல் இருக்கிற இடத்துக்கு வந்து குந்தும். இனி லேபிளின்ர Position ஐ மாத்தினா அது நல்லில இருந்து எவ்வளவு தள்ளி எண்டதுதான். சைஸ் டிராக் பண்ணின ஷொட் எண்டா லேபிளும் பெருக்கும், எழுத்து வாசிக்க ஏலாமப் போற தூரத்தில அது கூடாது, அப்ப எழுத்துக்கு Position மட்டும் உள்ள இன்னொரு நல்லைக் குடுங்கோ.

லேபிள் காத்தில நிக்கிற சாமான், பனைக்கு முன்னால போனாலும் ஆரும் கேக்க மாட்டினம். ஆனா பெட்டிப் பலகையில ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி ஒரு லோகோ எண்டா மரத்துக்குப் பின்னாலதான் போகணும். கிளிப்பை டூப்ளிகேட் பண்ணி எல்லாத்துக்கும் மேல வச்சு, மரத்தை மட்டும் மாஸ்க் போட்டு வெட்டி விடுங்கோ. மரம் நேரா நிக்கிறதால மாஸ்க்கின்ர வடிவம் மாறாது, கை நடுக்கத்துக்கு மட்டும் Mask Path கீ போட்டு நகர்த்தினாக் காணும்.

மோஷன் ப்ளர் போடேக்க ஒரு கணக்கைப் பாருங்கோ. லேயர்லயும் கொம்ப்லயும் அந்த சுவிட்சைப் போட்டா shutter angle 180 தான் இருக்கும். ஆனா எங்கட வெயில்ல போன் தானா ஷட்டரை 1/1000 மாதிரி வேகத்துக்குக் கொண்டு போயிடும், பெட்டி ஒவ்வொரு பிரேமிலயும் கத்தி மாதிரிக் கூராத் தெரியும், லேபிள் மட்டும் இழுபட்டு நிண்டா ஒட்டின மாதிரி இராது. 360 ஐ 30 ஆல பெருக்கி 1000 ஆல பிரிச்சா 10.8. கொம்ப் செட்டிங்ஸ்ல Advanced ல shutter angle ஐ 11 எண்டு வையுங்கோ. பின்னேரம் இருட்டுப்படேக்க எடுத்தது, 1/60 எண்டா 180 சரி.

கடைசியா வெளியேறுற இடம். எழுத்து மூலை பிரேம் விளிம்பைத் தொட்ட உடனே டிராக்கருக்குப் பாக்க ஒண்டும் இல்லை, அதில இருந்து வாற கீ எல்லாம் குப்பை, அழியுங்கோ. அதுக்கு ஒரு 15 பிரேம் முதலே லேபிள் மூடுற அனிமேஷனை முடிச்சு விட்டா அந்தப் பிரச்சினையே வராது. கட்டாயம் கடைசி வரைக்கும் லேபிள் தெரியணும் எண்டு கேட்டா, கடைசி நல்ல கீயில இருந்து 20 பிரேம் தள்ளி ஒரு கீ போட்டு X ஐ 128 கூட்டுங்கோ, 6.4 தர 20, அந்த வேகத்திலேயே வெளியால போயிடும்.